ஒரே எண்ணில் இரண்டு இதழ்கள்

“அப்போ ரெண்டும் ஒரே பத்திரிகைதானே, அக்கா?”

“ஒரே பேரு. ஒரே நம்பர். ஆனா ஒரே பத்திரிகை இல்ல.”

“பேரும் நம்பரும் ஒண்ணா இருந்தா, அப்புறம் எது வேற?”

“உன் அடையாள அட்டைய ஒருத்தி திருடி வச்சுக்கிட்டு ‘நான்தான் கோசரா’ன்னு ஊர் ஊரா திரிஞ்சா, அவ நீயாயிடுவாளா?”

கோசரா, அந்த இன்னொரு கோசரா இப்போது எந்த ஊரில் திரிந்துகொண்டிருப்பாள், என்ன நிறத்தில் கோட்டுப் போட்டிருப்பாள் என்று ஒரு கணம் யோசிக்கத் தொடங்கிவிட்டாள். நூலகர் தெசான்கா மேசையில் பென்சிலால் இரண்டு தட்டு தட்டினாள்.

“எங்க போயிட்ட? இங்க வா.”

நீஷ் நகரத்தில், புவியியல் துறை நூலகத்தின் இரண்டாம் மாடி. செவ்வாய்க்கிழமை காலை. வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குள் கோசரா தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைத்தாக வேண்டும். தவறினால் அடுத்த வாய்ப்பு இலையுதிர் காலத்தில்தான். அதற்குள் அவளுடைய உதவித்தொகையும் விடுதி அறையும் முடிந்துவிடும். அந்தத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆய்வேட்டோடு ஒரு பட்டியலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மேற்கோள் காட்டிய ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரி. அது வந்த இதழ் உண்மையானதா, பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சேற்றும் போலியா என்று மாணவரே சரிபார்த்துக் குறியிட வேண்டும். அதற்குக் கீழே நூலகர் கையெழுத்துப் போட வேண்டும். கோசராவின் பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். இருநூற்றுப் பதினொன்று தேறிவிட்டன. எண்பத்துமூன்றாம் வரிக்கு எதிரே மட்டும் தெசான்கா ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

எண்பத்துமூன்றாம் வரிதான் கோசராவின் மூன்றாம் அத்தியாயம்.

பழைய மலைத்தொடரின் அடிவாரத்தில் கருநீரூற்று என்று ஓர் ஊற்று இருக்கிறது. சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வருகிற தண்ணீர். அதன் மட்டத்தை ரதிசாவ் என்ற நீர்வாரியப் பணியாளர் இருபத்திரண்டு ஆண்டுகள் தினமும் அளந்து, ஒரு கட்டுரையாக வெளியிட்டிருந்தார். கோசரா அந்த எண்களை மழைக் கணக்கோடு பொருத்திப் பார்த்தாள். 2007 வெள்ளத்துக்குப் பிறகு ஊற்றின் மட்டம் திடீரென்று உயர்ந்திருந்தது, பிறகு இறங்கவே இல்லை. வெள்ளம் பாறைக்குள் புதிதாக ஒரு வழியைத் திறந்துவிட்டது என்று அவள் எழுதினாள். யாரும் பார்த்திராத, யாரும் பார்க்கவும் முடியாத ஒரு வழி. இரண்டு ஆண்டுகளாக அந்த இருட்டுப் பாதையில் அவள் மனத்தாலேயே நடந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, நான் எல்லாத்தையும் பாத்தேன். பன்னாட்டுப் பதிவேட்டுல நம்பரைப் போட்டேன். ‘ஊற்றும் பாறையும்’, சரயேவோ குகையாளர் சங்கம்னு வந்துச்சு. அதுலயே வெப்சைட் முகவரி இருந்துச்சு. அதை அழுத்தித்தான் உள்ள போனேன். ஆய்விதழ்களையெல்லாம் பட்டியல் போடற பெரிய அட்டவணையிலயும் இருக்கு. ஆசிரியர் குழுவுல இருக்கறவங்க எல்லாம் நிஜமான ஆளுங்க. நான் என்னத்த விட்டேன்?”

“ஒண்ணையும் விடல. அதான் வேடிக்கை.” தெசான்கா கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினாள். “இந்த சங்கத்துக்காரங்க வெப்சைட் முகவரியைப் புதுப்பிக்க மறந்துட்டாங்க. ரெண்டாயிரத்துப் பதினெட்டுல. எவனோ வாங்கிட்டான். பழைய இதழ் எல்லாத்தையும் அப்படியே எடுத்து வச்சுக்கிட்டான். வாசல், பலகை, ஜன்னல் எல்லாம் அதே. உள்ள ஆளு வேற. பதிவேட்டுக்காரங்களுக்கு யாரும் சொல்லல, அதனால அங்க இன்னும் பழைய முகவரிதான். நீ நேர் வழியில போயி திருடன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க.”

“பத்திரிகையைக் கூடவா கடத்துவாங்க?”

“பேர் இருக்கற எதையும் கடத்துவாங்க. பேர் சம்பாதிக்க நாற்பது வருஷம் ஆகுதுல்ல?”

தெசான்கா திரையில் பக்கங்களைத் திருப்பிக் காட்டினாள். முகவரி கைமாறுவதற்கு முன் ஒவ்வோர் ஆண்டும் எட்டு கட்டுரைகள், அதிகம் போனால் ஒன்பது. 2019ஆம் ஆண்டுக்கு எழுபத்தொன்று. பாறைக்குள் நீரோட்டம் பற்றிய கட்டுரைக்கு அடுத்தது பல் பதித்தல். அதற்கு அடுத்தது ஓட்டல் ஊழியர்களின் மனநிறைவு. கோசரா இதையெல்லாம் பார்த்ததே இல்லை. தேடியது கிடைத்ததும் இறக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

“கட்டுரைக்கு அடையாள எண் போட்டிருக்காங்களே, அதை அழுத்திப் பாத்தியா?”

“பாத்தேன். எங்கேயும் போகல. சின்ன சங்கம்தானே, பதிவு பண்ண லேட்டாயிருக்கும்னு நெனச்சேன்.”

“அஞ்சு வருஷமாவா லேட்டு?”

தெசான்கா எழுந்து போய் அலமாரியிலிருந்து சாம்பல் நிற அட்டை போட்ட ஒல்லியான புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள். ‘ஊற்றும் பாறையும்’, நாற்பத்தொன்றாம் மலர், 2019. சரயேவோவிலிருந்து பரிமாற்றமாக வருவது. கோசராவின் பட்டியலில் ரதிசாவின் கட்டுரை எண்பத்தேழாம் பக்கத்தில் தொடங்குவதாக இருந்தது. புத்தகத்தின் எண்பத்தேழாம் பக்கத்தில் ஒரு வௌவால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே அதன் காதுகளின் நீளம்.

“ரதிசாவ் எங்க?” என்றாள் கோசரா.

“புத்தகத்துலயே இல்ல. தேடிட்டேன்.”

“ஆனா என் பட்டியல்ல நாற்பத்தொண்ணாம் வரியில நான் காட்டியிருக்கற கட்டுரையும் இதே இதழ்தான். 1987ல வந்தது. அதையும் அந்த சைட்லதான் படிச்சேன். அதுக்கு நீங்க கேள்விக்குறி போடலையே.”

“அது நல்ல கட்டுரை. நம்ம அலமாரியில அச்சுல இருக்கு. திருடன் வீட்டுல இருந்தாலும் சொந்தக்காரன் பொருள்தான்.”

“அப்போ ஒரே சைட்டுல ஒண்ணு நல்லது, ஒண்ணு போலி.”

“ஆமா.”

“எனக்குத் தலை சுத்துது, அக்கா.”

“சுத்தட்டும். எழுபத்தெட்டு பேருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன், எனக்கும் சுத்தத்தான் செய்யுது.” தெசான்கா குரலைத் தணித்தாள். “இதப் பாரு பொண்ணே, போலி இதழ்ல வந்த கட்டுரை எல்லாமே பொய்னு நான் சொல்லல. யாரும் சரிபாக்கலன்னு மட்டும்தான் சொல்றேன். அந்த ஆளு உண்மையா அளந்திருக்கலாம். ஆனா அளந்தது சரியான்னு கேள்வி கேட்க ஒருத்தர்கூட இருந்திருக்க மாட்டாங்க. நீ சங்கத்துக்குப் பேசு. உண்மையான ஆசிரியர் யாரோ அவங்ககிட்டக் கேளு. அச்சுப் புத்தகத்துல பின்னாடி நம்பர் இருக்கு. சைட்ல இருக்கற நம்பருக்குப் பேசிடாத, புண்ணியமாப் போகும்.”

கோசரா படிக்கட்டில் உட்கார்ந்து முதலில் தன் வழிகாட்டியான பேராசிரியர் திஹோமிரை அழைத்தாள். அவர் ஏதோ ரயில் நிலையத்தில் இருந்தார். பின்னணியில் ஒரு பெண்குரல் நடைமேடை எண்களை அறிவித்துக்கொண்டிருந்தது.

“போலியா? அப்போ எடுத்துடும்மா. ஒரு கட்டுரைதானே.”

“சார், அது மூணாம் அத்தியாயம்.”

“எந்த மூணாம் அத்தியாயம்?”

“கருநீரூற்று, சார். புதுசா வழி திறந்தது.”

“ஐயோ, அது இல்லாம என்ன இருக்கு! அதை எடுக்காத. வச்சுக்கோ.”

“நூலகத்துல கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க.”

“அப்போ எடுத்துடு.” வண்டி வந்துவிட்டது போலிருந்தது, அவர் குரல் மேலும் கீழும் போனது. “இல்ல, இரு. எடுக்காம எடுக்க முடியுமான்னு பாரு. நான் வியாழக்கிழமை வந்துடறேன்.”

எடுக்காமல் எடுப்பது எப்படி என்று அவள் கேட்பதற்குள் இணைப்புப் போய்விட்டது. அந்தச் சொல்லை மனத்துக்குள் இரண்டு முறை உருட்டிப் பார்த்தாள். கூரையில் யாரோ ஏணி வைத்து விளக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

சரயேவோவில் தொலைபேசி மணி ஐந்து முறை ஒலித்தபின் ஒரு பெண் எடுத்தாள். இதழாசிரியர் அசெமினா. குரலிலேயே காப்பி மணம் அடித்தது.

“எந்த 2019 கேக்கறீங்க? 2019னு தேதி போட்டு 2021ல அச்சடிச்சமே, அதுவா? இல்ல 2019ல அச்சடிச்ச 2017ஆ?”

“நாற்பத்தொண்ணாம் மலர், மேடம்.”

“அது தேதிப்படி 2019. கையில வந்தது 2021. காகிதம் வாங்கக் காசு இல்ல. என்ன விஷயம்?”

கோசரா சொன்னாள். சொல்லச் சொல்ல மறுமுனையில் மூச்சு கனத்தது. கடைசியில் அசெமினா சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு அல்ல.

“நீங்க இந்த மாசத்துல நாலாவது ஆள். போன வாரம் லிஸ்பன்லேர்ந்து ஒரு பல் டாக்டர் பேசினார். ‘என் கட்டுரை எங்கே?’ன்னு எங்கிட்டச் சண்டை. நாங்க குகைக்காரங்க சார்னேன். பல்லுலயும் குகை இருக்குங்கறார்.”

“பதிவேட்டுக்கு எழுதலையா, மேடம்?”

“எங்க செயலாளர்தான் அதெல்லாம் பாத்துக்கிட்டிருந்தார். அவர் போய்ச் சேந்துட்டார். முகவரிக்குப் பணம் கட்டறது அவர் கணினியில இருந்துச்சாம், கணினி அவர் மகன்கிட்ட இருந்துச்சாம், மகன் கனடாவுல. நாங்க ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் கவனிச்சோம். இப்போ ஒவ்வொருத்தருக்கா எழுதிக்கிட்டிருக்கேன். சிலர் கேக்கறாங்க, ‘நீங்கதான் உண்மையானவங்கன்னு என்ன ஆதாரம்?’ன்னு. நான் என்னன்னு சொல்ல? மூணு அறை வச்ச ஆபீஸ், ஒழுகற கூரை, ஒரு ஓசி வெப்சைட். பாத்தா நாங்கதான் போலி மாதிரி இருக்கோம்.”

கோசராவுக்கு ஒரு நொடி அந்தச் சந்தேகம் வந்தது. இவள் உண்மையான அசெமினாதானா? எண்ணை அச்சுப் புத்தகத்திலிருந்துதானே எடுத்தோம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

“ரதிசாவ்னு ஒருத்தர், மேடம். கருநீரூற்று பத்தி. உங்களுக்கு எதுவும் வந்துச்சா?”

காகிதம் புரளும் ஓசை. வெகுநேரம்.

“வந்துச்சே.”

“வந்துச்சா?”

“2018 ஜனவரியில. இங்க கோப்பு இருக்கு. நாங்க ரெண்டு பேருக்கு மதிப்பாய்வுக்கு அனுப்பினோம். அவங்க எழுதினதை வச்சு அவருக்குக் கடிதம் போட்டோம், தபால்ல. பதிலே வரல. அதனால அப்படியே விட்டுட்டோம்.”

“கடிதத்துல என்ன இருந்துச்சு?”

“அதை நான் சொல்லக் கூடாதும்மா. மதிப்பாய்வாளர் எழுதினது எழுதினவருக்கு மட்டும்தான்.” கோப்பை மூடும் சத்தம் கேட்டது. “அவருகிட்டயே போய்க் கேளுங்க. கேக்காம விட்டுடாதீங்க. உங்க ஆய்வேட்டுக்காகச் சொல்றேன்.”

போன் வைத்தபிறகு கோசரா தெளிவாகச் சிந்திக்க முயன்றாள். உண்மையான இதழுக்குக் கட்டுரை போயிருக்கிறது; அது வெளியிடவில்லை. போலி இதழில் கட்டுரை வந்திருக்கிறது. அப்படியானால் ரதிசாவ் ஏமாற்றுக்காரரா? ஏமாந்தவரா? அல்லது ஒருவரே இரண்டுமாக இருக்க முடியுமா? எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அந்த ஊற்று கலங்கித்தான் தெரிந்தது.

புதன்கிழமை காலைப் பேருந்தில் ரதிசாவின் ஊரான பேலா பலான்காவுக்குப் போனாள். போகும் வழியெல்லாம் பிளம் மரங்கள் பூத்திருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள், பார்த்ததாக ஞாபகம் இல்லை. முகவரியை நீர்வாரியத்தில் கேட்டதும் காவலாளி கையை நீட்டிக் காட்டினார். “மூத்த ஆலோசகர் வீடா? பச்சைக் கதவு. இன்னைக்கு லீவு போட்டிருக்கார், முதுகு வலி.”

ரதிசாவ் கதவைத் திறந்தபோது இடுப்பில் கம்பளித் துண்டு கட்டியிருந்தார். அறுபதை ஒட்டிய வயது. சட்டைப்பையில் இரண்டு பென்சில். கோசரா தன்னை யாரென்று சொல்லி, கருநீரூற்றுக் கட்டுரையைப் பற்றிப் பேச வந்திருப்பதாகச் சொன்னதும் அவர் முகம் ஒரு விளக்கு போல ஒளிர்ந்தது. அவள் பயந்துபோனாள்.

“ஸ்மில்யா!” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். “என் கட்டுரையை ஒருத்தங்க படிச்சிருக்காங்க! நீஷ்லேர்ந்து வந்திருக்காங்க!”

“சும்மா கத்தாதீங்க, முதுகு பிடிச்சுக்கும்,” என்று உள்ளேயிருந்து மனைவி. ஆனால் அவளும் கையைத் துடைத்துக்கொண்டு வேகமாகத்தான் வந்தாள். ஒரு தட்டில் கரண்டியோடு ரோஜா இதழ்ப் பாகும் ஒரு டம்ளர் தண்ணீரும் வந்தன. கோசரா ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தாள். வந்த விஷயத்தைச் சொல்ல அந்த இனிப்பு ஒரு தடையாக இருந்தது.

“ஐயா, அந்தக் கட்டுரையை எந்த வழியா அனுப்பினீங்க?”

“ரெண்டு வழியாவும்,” என்றார் பெருமையாக. “முதல்ல தபால்ல. எட்டு மாசம் பதிலே இல்ல. சரின்னு, பழைய புத்தகத்தோட பின்னட்டையில வெப்சைட் போட்டிருக்கே, அதுல எழுதிக் கேட்டேன். உடனே பதில் வந்துச்சு. ‘அன்புள்ள மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே’ன்னு. நான் பேராசிரியர் இல்ல, ஆனா பரவால்ல. மறுபடி ஏத்துங்கன்னாங்க, ஏத்தினேன். நாலே நாள்ல ஏத்துக்கிட்டோம்னு கடிதம்.”

“பணம் கேட்டாங்களா?”

“செலவுக்குன்னு கேட்டாங்க. ஏழைச் சங்கம், பாவம்னு குடுத்தேன்.”

“அதுக்குப் பிறகு தபால்ல ஒரு கடிதம் வரலையா?”

“வந்துச்சு. கட்டுரை ஏத்துக்கிட்ட ரெண்டு வாரம் கழிச்சு. திருத்தணும், அது இதுன்னு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஒரு கை பண்றது இன்னொரு கைக்குத் தெரியல, எங்க ஆபீஸ் மாதிரியேன்னு நெனச்சேன். கட்டுரைதான் ஏத்துக்கிட்டாச்சே, இனி என்னத்தத் திருத்தறது? கோப்புல போட்டுட்டேன்.”

கோசரா சொன்னாள். மெதுவாகச் சொன்னாள், ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னாள். சங்கம் முகவரியை இழந்தது, யாரோ வாங்கியது, பல் பதித்தல், வௌவால். ரதிசாவ் முதலில் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு நிறுத்தினார். ஸ்மில்யா தட்டை எடுக்க வந்தவள் எடுக்காமல் நின்றாள்.

“இல்லம்மா,” என்றார் கடைசியில். “அந்தத் தாள்ல சங்கத்தோட முத்திரை இருக்கு. அந்த வௌவால் முத்திரை.”

“அதையும் எடுத்துக்கிட்டாங்க, ஐயா.”

“அசெமினாவோட பேரு இருக்கே கீழே.”

“அவங்களுக்கே தெரியாது.”

“அப்போ நான் யாருக்கு எழுதினேன்?”

அந்த நான்கு நாளில் யார் உட்கார்ந்து ‘அன்புள்ள மதிப்புக்குரிய’ என்று எழுதியிருப்பார்கள்? ஓர் அறையா, ஒரு ஆளா, ஒரு கணினி நிரலா? எந்த நாட்டு ஜன்னலுக்கு வெளியே என்ன மரம்? ரதிசாவும் அதையேதான் யோசிக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. இருவரும் சிறிது நேரம் முகம் தெரியாத அந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்த இன்னொரு கடிதம், ஐயா. தபால்ல வந்தது. அதைக் காட்ட முடியுமா?”

அவர் எழுந்து போக வெகுநேரம் ஆயிற்று. கடிதம் மூன்று பக்கம். முதல் மதிப்பாய்வாளர் பாராட்டியிருந்தார். வரைபடங்களைப் பெரிதாக்கச் சொல்லியிருந்தார். இரண்டாமவர் ஒரே ஒரு கேள்வியை முக்கால் பக்கத்துக்குக் கேட்டிருந்தார். 2007 ஏப்ரலுக்குப் பிறகு மட்டம் ஒரே நாளில் உயர்ந்து, அதன்பின் எல்லா மாதமும் ஒரே அளவு கூடுதலாக இருக்கிறது. கோடையிலும் குளிர்காலத்திலும், மழையிலும் வறட்சியிலும் மாறாத கூடுதல். இயற்கை இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. வெள்ளத்தில் அளவுகோல் பெயர்ந்து, திரும்ப நடும்போது முன்பைவிட ஆழமாக இறங்கிவிட்டதா? அப்படியானால் அதற்குப் பிறகான எல்லா எண்களையும் திருத்த வேண்டும். கட்டுரையாளர் தயவுசெய்து களக்குறிப்புகளைப் பார்த்து விளக்கவும்.

கோசரா அதை இரண்டாம் முறை படித்தாள். மூன்றாம் முறை எழுத்துகள் நகரத் தொடங்கின.

பாறைக்குள் புதிய வழி எதுவும் திறக்கவில்லை. ஒரு கம்பம் ஆழமாக இறங்கியிருக்கிறது, அவ்வளவுதானா? இரண்டு ஆண்டுகளாக அவள் நடந்த இருட்டுப் பாதை, நட்ட கோலின் அடியில் இருந்த சேறா? அல்லது மதிப்பாய்வாளரும் தவறியிருக்கலாம். ஊகம்தானே செய்திருக்கிறார். அவரும் ஊற்றைப் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. பார்த்தவர் எதிரே உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

“ஐயா, 2007 வெள்ளத்துல அளவுகோல் சாஞ்சுச்சா?”

ரதிசாவ் ஜன்னல் பக்கம் பார்த்தார். “சாயல. போயிருச்சு. முழுசா அடிச்சிட்டுப் போயிருச்சு. நானும் என்கூட வேலை பாத்த மிர்கோவும் புதுசு ஒண்ணு நட்டோம்.”

“அதே உயரத்துலயா?”

“அதே உயரம்தான்னு நெனச்சோம். பழைய பாறையில ஒரு கோடு போட்டிருந்தேன், அந்தக் கோட்டையும் மண்ணு மூடியிருச்சு. மிர்கோ இவ்வளவுன்னான், நான் அவ்வளவுன்னேன்.”

“இதைக் கட்டுரையில எழுதலையே.”

“கேட்டிருந்தா எழுதியிருப்பேனே!” என்றார் உரக்க. பிறகு கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். “கேட்டிருக்காங்க,” என்றார் தணிந்த குரலில். “கேட்டிருக்காங்க இல்ல?”

ஸ்மில்யா அடுப்படிக்குப் போய்விட்டாள். உள்ளே ஒரு பாத்திரம் தேவைக்கு மேல் சத்தமாக வைக்கப்பட்டது.

“களக்குறிப்பு இருக்கா, ஐயா?”

இருந்தது. எண்ணெய்த்தாள் அட்டை போட்ட நோட்டுகள், இருபத்திரண்டு. மேலறை அலமாரியிலிருந்து ஸ்மில்யா எடுத்துவந்து வைத்தாள், ஒரு வார்த்தை பேசாமல். 2007 நோட்டின் நடுப்பக்கங்கள் ஈரம் பட்டு அலையலையாக இருந்தன. ஏப்ரல் பதினேழாம் தேதிக்கு எதிரே, பென்சிலில்: ‘புதுக் கோல் நட்டது. வித்தியாசம் 11?’

கேள்விக்குறியோடு. பதினொன்று சென்டிமீட்டரா? யார் அளந்தது, எதிலிருந்து? கோசரா கட்டுரையின் எண்களை மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவளுடைய உயர்வு பதினொன்றரை. அப்படியானால் அரை சென்டிமீட்டர் மிச்சம். அந்த அரை சென்டிமீட்டர் ஒரு வழியாக இருக்க முடியுமா? ஒருவர் கைநடுக்கமாகவும் இருக்கலாம்.

ஆனால் ஒன்று அவளுக்குப் புரிந்தது, அன்றைய நாளில் அவளுக்குப் புரிந்த ஒரே விஷயம் அதுதான். இந்த நோட்டை வைத்துக்கொண்டு ஏதாவது செய்யலாம். ‘வெளியிடப்படாத களக்குறிப்புகள், ரதிசாவ்’ என்று மேற்கோள் காட்டலாம். எண்களைத் திருத்தலாம், அந்த வரியைப் படமெடுத்துப் போடலாம், புதிய வழி பற்றிய பக்கங்களை எடுத்துவிட்டு, ஒரு கோலின் கதையை எழுதலாம். வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று தெரியாது. முடிந்தால் தெசான்கா கையெழுத்துப் போடுவாள். எண்பத்துமூன்றாம் வரியில் இதழ் என்ற இடத்தில் ஒரு சிறு கோடு இருக்கும்.

அதைத்தான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவர் தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார்.

“வெளியிடப்படாததா? அப்படி எழுதுவியா?”

“வெளியானதுன்னு எழுத முடியாது, ஐயா. அந்த இதழ்ல அப்படி ஒரு கட்டுரை இல்ல.”

“இருக்கேம்மா! இங்க பாரு, அச்சடிச்சு வச்சிருக்கேன்.” சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் முதல் பக்கம் தொங்கியது. அதை அவள் உள்ளே வரும்போதே பார்த்திருந்தாள்; படம் என்று நினைத்திருந்தாள். “இதை வச்சுத்தான் எனக்கு ஆலோசகர் பதவி குடுத்தாங்க. குழுவுல வாசிச்சாங்க. அடுத்த வருஷம் ஓய்வு. உன் ஆய்வேடு நெட்ல வரும், எல்லாரும் பாப்பாங்க, எங்க ஆபீஸும் பாக்கும். அங்க ‘வெளியிடப்படாதது’ன்னு என் பேரு.”

“நீங்க ஏமாத்தலையே. உங்களைத்தானே ஏமாத்தினாங்க.”

“அதை யாருகிட்ட போய்ச் சொல்ல? ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போய் வௌவால் கதை சொல்லவா?”

அவர் சொன்னது நியாயமாகவும் இருந்தது, நியாயமில்லாமலும் இருந்தது. அவள் பட்டியல் நியாயமாக இருந்தது, கொஞ்சம் கொடுமையாகவும் இருந்தது. இரண்டும் ஒரே எண்ணில் இரண்டு இதழ்கள் போல ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. எதை அழுத்தினால் எங்கே போகும் என்று தெரியவில்லை.

“உங்களைப் பத்தி ஒரு பத்தி எழுதறேன், ஐயா. நடந்தது பூரா. உங்க மேல தப்பு இல்லன்னு.”

“பரிதாபப்பட்டு எழுதுவ.”

“இல்ல…”

“எழுதும்போது பரிதாபம் தானா வந்துடும். நான் உன்னைக் குறை சொல்லல.” அவர் 2007 நோட்டை மூடினார். ஈரம் பட்ட பக்கங்கள் முழுதாக மூட மறுத்தன. அதை மேசை மேல் அவள் பக்கமாக நகர்த்தினார், ஆனால் கையை எடுக்கவில்லை. “இருபத்திரண்டையும் எடுத்துட்டுப் போ. காரு வேணும்னா பக்கத்து வீட்டுல கேக்கறேன். கோல் ஆழமா எறங்கிடுச்சுன்னு எழுதிக்கோ, பதினொண்ணுன்னு எழுதிக்கோ, மிர்கோ பேரைக்கூடப் போட்டுக்கோ. என் கணக்கைத் திருத்து, நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா அடிக்குறிப்புல அந்தக் கட்டுரையைப் போடு. இதழ் பேரு, மலர் நாற்பத்தொண்ணு, பக்கம் எண்பத்தேழுலேர்ந்து. அந்த ஒரு வரி போதும். அஞ்சு வருஷமா யாரும் அதை எங்கயும் மேற்கோள் காட்டல, ஒருத்தரும் காட்டல. நீ காட்டுவியாம்மா?”